அரசாணைக்கு, அதாவது ஜிஓவுக்கு, சுருக்கம் எழுதறவங்க அனுபவம் சொல்லுங்க

செக்‌ஷன்வாலா: தமிழ்நாடு அரசு ஊழியர்களோட ரிடயர்மெண்ட் வயசு 58லேர்ந்து 59 ஆன ஜிஓ, நிலை எண் 51, 07.05.2020 தேதி. சேப்பாக்கத்துல எங்க ஆபீஸ்ல சுத்துக்கு விட்ட ஒரு பக்கச் சுருக்கத்துல "07.05.2020 முதல் நடைமுறை"ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. ஜிஓல அது மட்டுமா இருக்கு, 31.05.2020லேர்ந்து ஓய்வு பெற வேண்டியவங்களுக்குன்னு தெளிவா இருக்கு. அந்தச் சுருக்கத்தைப் பாத்துட்டு ஏப்ரல் கடைசியில ரிடயர் ஆன ஒரு சார் லாக்டவுன்லயும் கிளம்பி வந்துட்டாரு, பிறந்த தேதி 01.05.1962. பணிப்பதிவேடான எஸ்ஆரோட முதல் பக்கத்துல அந்த தேதி மேல விரலை வச்சுகிட்டு "மே மாசம் பொறந்தவன்தானேப்பா நானு, இந்த மாசம்தானே எனக்கு 58"ன்னாரு. அந்த விரல் இன்னும் கண்ணுலயே நிக்குது.

மயிலை72: ஜிஓல வேற தேதி சொல்லலைன்னா வெளியான நாள்தான் நடைமுறை நாள், சுருக்கத்துல தப்பு இல்ல. அவரு மே 31ல தானே போகணும்? ஆபீஸ்தான் முன்னாடியே அனுப்பிடுச்சு.

தாமரை: எனக்கும் இதே தேதி தகராறுதான். மகப்பேறு விடுப்பு 9 மாசத்துலேர்ந்து 12 மாசம் ஆக்குன ஜிஓ 84, 23.08.2021. நான் லீவுல போனது ஜூலை நடுவுல. ஜிஓ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டீங்க, 9 மாசம்தான்னு செக்‌ஷன்ல சாதிச்சாங்க. உள்ளே 01.07.2021 முதல்னு இருக்கு, அந்த வரியைக் காட்டின பிறகுதான் திருத்துனாங்க.

பழைய சூப்ரெண்ட்: மயிலை, முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி இல்ல. வயசு நிறையற மாசத்தோட கடைசி நாள்ல ஓய்வு, ஆனா ஒண்ணாம் தேதி பொறந்தவங்க முந்தின மாசக் கடைசியிலயே போயிடணும், அது அடிப்படை விதி 56லயே இருக்கு. அதனால அந்த சாருக்கு 30.04.2020. அடுத்த நாள், 02.05.1962ல பொறந்தவரைப் பாருங்க. 31.05.2020ல போக வேண்டியவரு 51னால 31.05.2021 வரை இருந்தாரு, அதுக்குள்ள 25.02.2021ல ஜிஓ 29 வந்து 60 ஆக்கி, 31.05.2021லேர்ந்து போறவங்களுக்குன்னு சொன்னதால 31.05.2022 வரைக்கும். ஒரு நாள் வித்தியாசம், ரெண்டு வருஷ சர்வீஸ்.

கேக்காமயே சொல்றேன் தம்பி, சுருக்கத்துல ஜிஓ தேதியையும் நடைமுறை தேதியையும் தனித்தனி வரியா எழுதுங்க. பழைய விதி என்ன, புதுசு என்ன, பக்கத்துல பக்கத்துல. அதுக்குக் கீழ "யாருக்குப் பொருந்தும்"னு ஒரு வரி, அதை மட்டும் சொந்த வார்த்தையில மாத்தாம ஜிஓ வாசகத்தையே அப்படியே எடுத்துப் போடுங்க, ஏன்னா "ஓய்வு பெற வேண்டியவர்கள்"ங்கறதை "பணியாளர்கள்"னு சுருக்கினா அர்த்தமே மாறிடும். கடைசியா நம்ம ஆபீஸ்ல அந்த வரம்போட ஓரத்துல நிக்கற ஒரு ஆளோட எஸ்ஆரை எடுத்து தேதியைப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துக்கு வைங்க.

மயிலை72: விதி 56 ஒத்துக்கறேன் சார். ஆனா ஏழு நாள் முன்னாடி போனவரை விட்டுட்டு மே 31னு கோடு போட்டது நியாயமான்னு எனக்கு இன்னும் படல.

செக்‌ஷன்வாலா: அந்த சாரும் அதைத்தான் கேட்டாரு. மனு எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு, மேல அனுப்பினோம்.