முந்நூறா, முன்னூறா? – எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்

நிலா: எல்லாருக்கும் ஒரு கேள்வி. ஹோமோனிம், ஹோமோஃபோன் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தமிழ்ல மூணு, இங்கிலீஷ்ல மூணுன்னு ரெண்டு வகைக்கும் எடுத்துக்காட்டு வேணும். நாளைக்குக் குடுக்கணும் 🙏

அத்தை (நாகர்கோவில்): நிலவு, மதி, அம்புலி. உன் பேருக்கே மூணு கிடைச்சாச்சே மக்களே!

சித்தி: அண்ணி, அது ஒரே பொருளுக்குப் பல சொல். இவ கேக்கறது அப்படியே தலைகீழ். பொருள் வேற வேற, ஆனா சொல் கேக்க ஒண்ணு போல இருக்கணும்.

சித்தி: நிலா, இங்கிலீஷை முதல்ல முடிச்சிடலாம். பேட். பி ஏ டி. வௌவாலும் அதுதான், கிரிக்கெட் மட்டையும் அதுதான். எழுத்தும் ஒண்ணு, சத்தமும் ஒண்ணு, பொருள் மட்டும் வேற. இது ஹோமோனிம். பார்க் (பி ஏ ஆர் கே): நாய் குரைக்கறது, மரப்பட்டை. ரிங்: மோதிரம், மணி அடிக்கறது. மூணு ஆச்சு.

சித்தி: ஹோமோஃபோன்ல சத்தம் மட்டும்தான் ஒண்ணு, ஸ்பெல்லிங் மாறும். சன்: எஸ் யூ என் போட்டா சூரியன், எஸ் ஓ என் போட்டா மகன். ஸீ: எஸ் இ ஏ கடல், எஸ் இ இ பார்க்கறது. ஃப்ளவர்: எஃப் எல் ஓ டபிள்யூ இ ஆர் பூ, எஃப் எல் ஓ யூ ஆர் மாவு. மாவை நம்ம ஊர்ல நிறையப் பேர் "ஃப்ளோர்"னு சொல்றாங்க, அது தரை. நீ அப்படிச் சொல்லாதே.

சித்தப்பா: வெட், வெட் சேர்த்துக்கோ. ஒண்ணு நனைஞ்சது, இன்னொண்ணு மாட்டு டாக்டர்.

சித்தி: அது நம்ம வாய்லதான் ஒண்ணு. நனைஞ்சதுக்கு டபிள்யூ, உதட்டைக் குவிக்கணும். டாக்டருக்கு வி, மேல்பல் கீழ் உதட்டைத் தொடணும். அகராதியில உச்சரிப்புக் குறி ரெண்டுக்கும் வேறயா இருக்கும். நிலா, எந்த ஜோடியா இருந்தாலும் அந்தக் குறியைப் பார்த்துட்டு எழுது.

சித்தப்பா: சரி, தமிழ் என்கிட்ட விடு. ஹோமோனிம்: ஆறு, மாலை, படி. ஹோமோஃபோன்: பல்லி பள்ளி, வலி வழி, மனம் மணம். முடிஞ்சது 👍

பெரியப்பா: தம்பி, முதல் பாதி சரி. நதியும் ஆறு, எண்ணும் ஆறு, "காபி ஆறிடும்" என்கிறோமே, அதுவும் ஆறு. இதைத் தமிழில் பலபொருள் ஒருசொல் என்பார்கள். இரண்டாவது பாதியில்தான் சிக்கல்.

பெரியப்பா: நிலா, பல்லி என்று சொல்லிப் பார். நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். இப்போது பள்ளி. நாக்கு பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். வழி என்னும்போது நாக்கு வளையும், ஆனால் எங்கும் ஒட்டாது. தொடுகிற இடம் வேறு, ஒலியும் வேறு. இவை மயங்கொலிச் சொற்கள். மயங்கும், ஆனால் ஒன்றல்ல. சரியாகச் சொன்னால் காது பிரித்துவிடும்.

நிலா: அப்ப தமிழ்ல ஹோமோஃபோனே இல்லையா பெரியப்பா? 😟

பெரியப்பா: இருக்கிறது கண்ணு. தந்நகரத்தையும் றன்னகரத்தையும் பார். இன்றைய பேச்சில் இந்த இரண்டையும் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் எழுத்தில் பொருள் மாறும். 300 என்பதை எப்படி எழுதுவாய்?

நிலா: முன்னூறு

பெரியப்பா: பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மூன்று + நூறு என்பது முந்நூறு. மூன்று "மு" என்று குறுகி, நூறின் நகரம் இரட்டிக்கிறது. நீ எழுதியது முன் + நூறு, அதாவது முதலில் வருகிற நூறு. "இருநூறு பக்கப் புத்தகத்தில் முன்னூறு பக்கங்களைப் படித்துவிட்டேன், பின்னூறு பாக்கி." இதில் முந்நூறு என்று எழுதினால் கணக்கே உதைக்கும். வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

சித்தப்பா: அண்ணே, நான் செக்ல இத்தனை வருஷமா முன்னூறுதான் எழுதறேன்!

பெரியப்பா: பக்கத்தில் இலக்கத்திலும் எழுதுகிறாய், அதனால் வங்கியில் புரிந்துகொள்கிறார்கள். நிலா, இன்னும் இரண்டு. முந்நாள் என்றால் மூன்று நாள், முன்னாள் என்றால் முந்தைய காலம். "முன்னாள் மாணவர்கள் முந்நாள் விழா எடுத்தனர்." எந்நாள் என்றால் எந்த நாள், என்னாள் என்றால் என் ஆள். குழப்பம் வந்தால் சொல்லைப் பிரித்துப் பார்: மூன்றா, முன்னா? எந்தவா, என்னுடையதா? வெந்நீரை வென்னீர் என்று எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான். வெம்மை + நீர், ஆகவே ந். ஆனால் வென்னீர் என்று பொருளுள்ள சொல் கிடையாது, அதனால் அது ஜோடியாகாது, வெறும் பிழை.

அம்மா: மாமா, இவ புத்தகத்துல அரம் அறம், கரி கறி எல்லாம் போட்டிருக்கே. அது எந்த வகை?

பெரியப்பா: அது ஊரைப் பொறுத்தது அம்மா. இடையினத்து ர, வல்லினத்து ற. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அரமும் அறமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. அங்கே அவை ஹோமோஃபோன் மாதிரிதான்.

அத்தை (நாகர்கோவில்): அண்ணே, எங்க ஊர்ல அது நல்லாவே தெரியும். கறி வைக்கச் சொன்னா யாரும் கரி எடுத்துட்டு வர மாட்டாங்க. ற சொல்லும்போது நாக்கு அழுத்தி அதிரும்.

பெரியப்பா: அதைத்தான் சொல்கிறேன் தங்கச்சி. உங்களுக்கு வேறு, சென்னைக்கு ஒன்று. அதனால்தான் நிலாவுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை.

நிலா: தமிழ் ஹோமோனிம் எழுதிட்டேன், பாருங்க. 1. ஆறு 2. மாலை: சாயங்காலம், பூமாலை 3. பாவம்: பாவ புண்ணியம், முகபாவம்

சித்தி: மூணாவதை வாய்விட்டுப் படி.

நிலா: பா… ஓ! முகபாவத்துல "பா" வேற மாதிரி வருது. பாட்டுல வர்ற பா இல்ல, பஸ்ல வர்ற மாதிரி.

சித்தி: அதேதான். எழுத்து ஒண்ணு, சத்தம் வேற. தமிழ்ல ரெண்டு சத்தத்துக்கும் ஒரே ப எழுத்துதான், அதனால இப்படி ஆகுது. இங்கிலீஷ்ல எல் இ ஏ டி மாதிரி: லீட்னு படிச்சா முன்னே நடத்திப் போறது, லெட்னு படிச்சா ஈயம். இதுக்கு ஹோமோகிராஃப்னு பேரு. உன் கேள்வியில அது இல்ல, எடுத்துடு.

நிலா: அப்ப திங்கள் போடவா? சந்திரன், மாதம், திங்கட்கிழமை, மூணு அர்த்தம்.

பெரியப்பா: அங்கே கொஞ்சம் கவனி. நிலவைப் பார்த்துத்தான் மாதம் எண்ணினார்கள், நிலவின் பெயரில்தான் கிழமையும். ஒரே சொல் பொருள் விரிந்து போயிருக்கிறது. மாலை அப்படியல்ல, சாயங்காலத்துக்கும் பூச்சரத்துக்கும் தொடர்பில்லை. நல்ல அகராதிகளில் மாலைக்கு 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனிப் பதிவு இருக்கும்.

சித்தி: மாமா, பள்ளிக்கூடத்துல அவ்வளவு தூரம் பார்க்க மாட்டாங்க. திங்களுக்கும் மார்க் போடுவாங்க.

பெரியப்பா: போடலாம். இருந்தாலும் சந்தேகமில்லாததாகவே எழுதட்டுமே. தை எழுது: தை மாதம், துணி தைப்பது.

அம்மா: இன்னொண்ணு. அவ இங்கிலீஷ் புத்தகத்துல சன் ஜோடியையும் ஹோமோனிம்னே போட்டிருக்கு. அச்சுப்பிழையா?

சித்தி: இல்ல அக்கா. சில புத்தகங்கள் ஹோமோனிம்ங்கறதை எல்லாத்துக்கும் பொதுப்பேரா வைக்கும், ஹோமோஃபோன் அதுல ஒரு வகை. சிலது நான் சொன்ன மாதிரி தனியாப் பிரிக்கும். ரெண்டும் புழக்கத்துல இருக்கு. நிலா, உங்க மிஸ் போர்டுல எப்படி எழுதிப் போட்டாங்க?

நிலா: தனித்தனியா ரெண்டு கட்டம் போட்டாங்க சித்தி.

சித்தி: அப்ப தனித்தனியாவே எழுது. அரம் அறம் பத்தி மட்டும் தமிழ் மிஸ்கிட்ட கேட்டுட்டு வந்து இங்க சொல்லு.