ஒரே கடை நம்பர், மூண்டு இடத்தில ஆக்கள்: மறுமொழி முட்டாமல் பார்க்கிறது எப்பிடி?

கரடிப்போக்குக் கடை
லான்ட்மாஸ்டர், தண்ணிப் பம்ப் உதிரிச் சாமான் கடை. வட்ஸ்அப் பிஸ்னஸ் நம்பர் ஒண்டுதான். முதல் போன் காசுமேசையில, லப்டொப் கணக்குப் பார்க்கிற பிள்ளையிட்ட, இன்னொரு போன் பின் ஸ்ரோரில. காலபோக உழவு துவங்கினால் ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் ரெண்டு மறுமொழி அனுப்புகினம். இல்லாட்டி ஒருத்தரும் அனுப்பிறேல்ல. இப்பிடிப் பாவிக்கிற ஆக்கள் என்ன ஒழுங்கு வைச்சிருக்கிறியள் எண்டு சொல்லுங்கோ.

மாங்குளம் சந்தி
அண்ணை, அது லேசு. ஆராவது எழுதிக்கொண்டிருந்தால் "typing" எண்டு காட்டும்தானே. அதைப் பார்த்துப் பொறுத்தால் சரி.

கணக்குக்காரி
தம்பி, அது வாடிக்கையாளருக்குத்தான் காட்டும். எங்கட கடையில மற்ற போனில ஆர் எழுதினாலும் இஞ்ச ஒண்டும் தெரியாது. பாதி எழுதி விட்ட வசனமும் அந்தப் போனிலயேதான் கிடக்கும், மற்றதுக்கு வராது. ஆனால் ஒருத்தர் சற்றைத் திறந்தால், வாசிக்கேல்லை எண்டு காட்டிற பச்சை எண் எல்லாத்திலயும் ஒண்டாய்ப் போயிடும். வாசிச்சது எல்லாருக்கும் தெரியும், ஆர் வாசிச்சது எண்டு தெரியாது. குழப்பமெல்லாம் இதில இருந்துதான் வருது.

இப்பிடி வைச்சுப் பாருங்கோ. 10.12க்கு ஒருத்தர் தேஞ்ச பெல்ட்டின்ர படமும் குரல் பதிவும் போடுறார். காசுமேசைத் தம்பி திறந்து கேட்டிட்டு, நம்பர் பார்க்க றாக்கையடிக்குப் போறார். பச்சை எண் எல்லா இடத்திலயும் போச்சு. 10.20க்கு ஸ்ரோரில நிக்கிறவர் பார்க்கிறார், மறுமொழி போகேல்லை, அவரும் எழுதத் துவங்கிறார். 10.21க்கு ரெண்டும் போகுது: ஒண்டு "B-52 இருக்கு, வாங்கோ", மற்றது "அந்த சைஸ் முடிஞ்சுது, B-54தான் இருக்கு". ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. ஒருத்தர் முன் றாக்கையைப் பார்த்தவர், மற்றவர் பின் றாக்கையைப் பார்த்தவர்.

நாங்கள் வைச்சிருக்கிற ஒழுங்கு: சற்றைத் திறக்க முதல் லேபல் போட வேணும். லேபலுக்கு அந்தச் சற்றை எடுக்கிறவரின்ர பேர். போனில அந்த வரியை அழுத்திப் பிடிச்சால் மேல லேபல் அடையாளம் வரும். லப்டொப்பில வரிக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன அம்பை அமத்தினால் "Label chat" வரும். திறக்காமலே போடலாம், அதுதான் முக்கியம். லேபல் இணைச்ச எல்லாச் சாதனத்திலயும் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. மொத்தம் 20 லேபல்தான் வைக்கலாம், அதால ஊர்ப் பேர், சாமான் பேர் எல்லாம் போட்டு நிரப்பாதேங்கோ. ஆளுக்கு ஒண்டு, "காசு வரவேணும்" ஒண்டு, "முடிஞ்சுது" ஒண்டு, காணும். வேலை முடிஞ்சால் தன்ர பேரைக் கழட்ட வேணும். கழட்டாட்டி ரெண்டு கிழமையில எல்லாச் சற்றிலயும் எல்லாற்றை பேரும் கிடக்கும், பிறகு அதை ஒருத்தரும் பார்க்க மாட்டினம்.

மாங்குளம் சந்தி
சரி அக்கா. அப்ப வாசிச்சிட்டு "Mark as unread" போட்டாலும் மற்றவைக்குத் தெரியும்தானே? லேபல் எதுக்கு?

கணக்குக்காரி
தெரியும், அது சரி. ஆனால் "இதை ஆராவது எடுங்கோ" எண்டுதான் அது சொல்லும், "நான் எடுத்திட்டன்" எண்டு சொல்லாது. மற்றது, முதல் திறந்த உடனேயே வாடிக்கையாளருக்கு நீலச் சரி போயிருக்கும், திரும்பி வாசிக்காததாய் மாத்தினாலும் அது அழியாது. வாசிச்சிட்டுப் பேசாமல் இருக்கிறாங்கள் எண்டுதான் நினைப்பினம். சாப்பிடப் போற நேரம் கையில இருக்கிறதை மற்றவருக்கு விட "Mark as unread" நல்லம்.

முள்ளியவளை
என்ர பிரச்சினையும் இதுதான். ரெண்டாவது போனில நம்பரை அடிச்சு, வந்த கோட்டைப் போட்டன், முதல் போன் வெளியால போட்டுது. திரும்ப இதில போட அது போகுது. ஒரே இழுபறி.

பரந்தன் ஸ்ரோர்
அது வேற கதை. கோட் போட்டால் நம்பர் அந்தப் போனுக்கு மாறுது, இணைக்கிறேல்ல. முதல் போனில பதிஞ்சு விட்டிட்டு, ரெண்டாவது போனில நம்பர் கேக்கிற இடத்தில மேல இருக்கிற மூண்டு புள்ளியை அமத்துங்கோ. "Link as companion device" எண்டு வரும், ஒரு QR காட்டும். முதல் போனில "Linked devices", பிறகு "Link a device", அதால அந்த QRஐப் பிடியுங்கோ. லப்டொப்புக்கும் இதுதான் வழி. காசு கட்டாத கணக்கில முதல் போனோட இன்னும் நாலு சாதனம் வரைக்கும் இணைக்கலாம்.

முதல் போன் நிண்டுபோனாலும் மற்றதுகள் வேலை செய்யும். ஆனால் 14 நாளுக்கு மேல அதைப் பாவிக்காட்டி இணைச்சதெல்லாம் தானா வெளியால வந்திடும். மேசை லாச்சிக்கை போட்டுப் பூட்டி வைக்காதேங்கோ.

கரடிப்போக்குக் கடைக்கு இன்னொண்டு. கரண்ட் போய் லப்டொப் நித்திரைக்குப் போனால், திரும்பி எழும்பேக்கை கொஞ்ச நேரம் பழைய பட்டியல்தான் நிக்கும். சிலதில "Waiting for this message" எண்டும் கிடக்கும். அந்த நேரம் மறுமொழி அடிக்கப்படாது. மேல இருக்கிற சற்றின்ர நேரத்தைக் காசுமேசைப் போனோட ஒப்பிட்டுப் பாருங்கோ, ரெண்டும் ஒண்டெண்டால் துவங்கலாம்.

பட்டியலிலயே கண்டுபிடிக்க ஒரு குறி இருக்கு. நாங்கள் கடைசியா எழுதினது எண்டால் பேருக்குக் கீழ இருக்கிற வரியில சரி அடையாளம் நிக்கும். பச்சை எண்ணும் இல்லை, சரியும் இல்லை எண்டால், திறந்திட்டு மறுமொழி குடுக்காமல் விட்டது. கடை பூட்ட முதல் பட்டியலை ஒருக்கா இழுத்து அப்பிடியானதுகளைப் பொறுக்குங்கோ. லேபல் ஒழுங்கைவிட இதாலதான் கூட ஆக்கள் தப்பியிருக்கினம் எண்டு நான் சொல்லுவன்.

விதைநெல்
லேபல் மினக்கேடு. ஆளின்ர செய்திக்கு ஒரு கண் படத்தை ரியக்சனாப் போட்டால் முடிஞ்சுது. மற்றச் சாதனத்திலயும் தெரியும், பார்க்கினம் எண்டு வாடிக்கையாளருக்கும் விளங்கும்.

கணக்குக்காரி
கண் பரவாயில்லை. ஆனால் அவசரத்தில பெடியள் பெருவிரலை அமத்துவாங்கள். வங்கிச் சிட்டையின்ர படத்துக்கு அது விழுந்தால், காசு வந்திட்டுது எண்டு கடை சொன்னதாத்தான் அர்த்தம். பிறகு ஆரோட வாதாடுறது?

விதைநெல்
சிட்டைக்கு மட்டும் போட வேண்டாம் எண்டு சொல்லலாம்தானே.

கணக்குக்காரி
சொல்லலாம். நெரிசல் நேரம் கேப்பாங்களோ?

கரடிப்போக்குக் கடை
லேபல் துவங்கிப் பார்க்கிறம். ஆர் எந்த மறுமொழியை அனுப்பினது எண்டு பிறகு பார்க்க வழி இருக்கோ?

பரந்தன் ஸ்ரோர்
சற்றுக்குள்ள ஆளின்ர பேர் வராது, கடைப் பேர் மட்டும்தான். விலை சொல்லுற செய்தியின்ர கடைசியில ஒரு எழுத்துப் போடச் சொல்லுங்கோ, "-க", "-ம" எண்டு. மறந்துபோனால் 15 நிமிசத்துக்குள்ள செய்தியைத் திருத்திப் போடலாம். ரெண்டு மறுமொழி முட்டினாலும் பிழையான விலையை இந்த நேரத்துக்குள்ள திருத்தலாம், ஆனால் "Edited" எண்டு நிக்கும். அதை ஒளிக்கப் பார்க்காமல், முதல் சொன்னது பிழை எண்டு கீழ ஒரு வரி எழுதிறதுதான் மரியாதை.

அடுத்து நிக்கிறவருக்குச் சொல்லிவிடுற விசயத்தை வாடிக்கையாளரின்ர சற்றில எழுதாதேங்கோ. கடை நம்பர் தனக்குத் தானே எழுதிற சற் இருக்கு, பேருக்குப் பக்கத்தில "(You)" எண்டு நிக்கும். அதில "புளியங்குளத்தார் பெல்ட், பின்னேரம் பஸ்ஸில போடவேணும், -ம" எண்டு எழுதினால் மூண்டு இடத்திலயும் தெரியும். ஆள் மாறேக்கை முதல் அதை வாசிக்க வேணும்.

முள்ளியவளை
QR பிடிச்சாச்சு, ரெண்டு போனிலயும் வருது. ஆனால் பழைய சற் கொஞ்சம்தான் தெரியுது, மிச்சம் வருமோ?

பரந்தன் ஸ்ரோர்
புதுசா இணைச்சதுக்கு முழுப் பழசும் வராது. கிட்டடியில நடந்ததுதான் வரும். பழைய கடன் கணக்குப் பார்க்க முதல் போனைத்தான் எடுக்க வேணும்.