வேடந்தாங்கல் எப்போது போகலாம்? (நம்ம குடும்பம் குழு)

கார்த்திக்: பொங்கலுக்கு எல்லாரும் தாம்பரம் வருகிறீர்களே, வேடந்தாங்கல் போய்வரலாமா? காணும் பொங்கலன்று காலை 9 மணிக்குக் கிளம்பலாம் என்று யோசனை.

மாலதி சித்தி: கார்த்தி, மாதம் சரி. நாளும் நேரமும்தான் சரியில்லை. காணும் பொங்கலன்று கரையில் கால்வைக்க இடமிருக்காது. 9 மணிக்குக் கிளம்பினால் உச்சி வெயிலில்தான் நிற்போம்.

அபி: சித்தி, ஜனவரியில்தானே பறவைகள் சைபீரியாவிலிருந்து வந்து முட்டையிடும்? எந்த நேரம் போனாலும் கூட்டில் இருக்குமே?

மாலதி சித்தி: பாதி சரி, அபி. அங்கே மரத்தில் கூடு கட்டுகிற சங்குவளை நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கும் ஊரைத் தேடி இடம் மாறி வருகின்றன. வடக்கே வெகு தூரத்திலிருந்து வருவது நீலச்சிறகி, ஊசிவால் வாத்து மாதிரியானவை. அவை முட்டையிடுவது அங்கே, கோடையில். இங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும்.

அபி: அப்போ ரெண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாதா?

மாலதி சித்தி: முடியும். வாத்து பார்க்கப் பக்கத்திலுள்ள கரிக்கிலி ஏரி, கூடு பார்க்க வேடந்தாங்கல். இரண்டுக்கும் இடையே 10 கி.மீ.க்குள்தான். வாத்துகள் இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஏரியில் ஓய்வெடுக்கும். விடிந்த ஒரு மணி நேரம் வெளிச்சம் சாய்வாக விழும், தலையின் நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும். 9 மணியைத் தாண்டினால் தண்ணீர் மேல் கானல் ஆடி, தூரத்துப் பறவை எல்லாம் கருப்புப் புள்ளிதான்.

ராஜி அண்ணி: காலையில் சீக்கிரம் போனால் வண்டலூரில் டிக்கெட் வரிசை குறைவு என்று என் தங்கை சொன்னாள். குழந்தைக்குப் புலியும் காட்டலாமே!

கார்த்திக்: அண்ணி, இது வண்டலூர் இல்லை, மதுராந்தகம் பக்கம் உள்ள ஏரி. புலிக்கு இன்னொரு நாள் போகலாம்.

மாலதி சித்தி: ஜனவரியில் சூரியன் 6.30-ஐ ஒட்டி உதிக்கும். தாம்பரத்தில் 4.30-க்குக் கிளம்பினால் விடியும் முன்னே கரிக்கிலியில் இருக்கலாம். 9.30 வரை அங்கே. பிறகு மதுராந்தகத்தில் சாப்பாடு, ஓய்வு. மதியம் 3.30-க்கு வேடந்தாங்கல்.

கார்த்திக்: பறவை என்றால் விடியற்காலைதானே சித்தி? வேடந்தாங்கலுக்கு மாலை எதற்கு?

மாலதி சித்தி: அங்கே கூடு கட்டுகிற பறவைகளில் பெரும்பாலானவை விடிந்ததும் இரை தேடி வயலுக்கும் மற்ற ஏரிகளுக்கும் போய்விடும். குஞ்சு சின்னதாக இருந்தால் ஒரு பெற்றோர் காவலுக்கு நிற்கும், அதனால் மதியமும் கூடு காலியாக இருக்காது. ஆனால் அசைவு குறைவு. 4.30-லிருந்து 6 வரை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். நாரை வந்து இறங்கியதும் குஞ்சுகள் கத்தும், அது இரையைக் கூட்டில் கக்கிக் கொடுக்கும். அதே நேரம் வக்கா இரவு மேய்ச்சலுக்குக் கிளம்பும். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

பெரியப்பா: எங்க ஊர்ப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரை கூடு கட்டும். மழை தவறிய வருஷம் அதுவும் எட்டிப் பார்க்காது. இந்த வருஷம் உங்க ஏரியில் தண்ணீர் எப்படி?

மாலதி சித்தி: அதுதான் முக்கியமான கேள்வி, அத்தான். நாரைக்கு மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் கூடு பத்திரம். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரி வற்றும், கூடும் இருக்காது. கரிக்கிலியில் வேறு கதை. அங்கே கரை தளும்ப நிறைந்தாலும் சிக்கல். வாத்து சிதறிவிடும், உள்ளான் நிற்க ஆழமில்லாத இடமே இருக்காது. கொஞ்சம் வடிய வேண்டும். அதனால் பொங்கல் கழிந்த அடுத்த வாரம் நல்லது.

பெரியப்பா: நான் அதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவேனே அம்மா.

கார்த்திக்: பெரியப்பா இல்லாமல் எப்படி? பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை போனால்?

மாலதி சித்தி: நாரைக்குச் சரிதான். உள்ளான் குறைவாக இருக்கலாம். கரை சமமாகத்தான் இருக்கும் அத்தான், மடக்கு நாற்காலி எடுத்து வருகிறேன். பைனாகுலர் 8x42 என்னிடம் ஒன்று இருக்கிறது. அபி, உன் 10x50-ஐக் கையில் பிடித்தால் ஆடும், முழங்கையை ஏதாவது ஒன்றில் ஊன்றிப் பார்.

ராஜி அண்ணி: 4.30-க்குக் குழந்தையை எழுப்ப முடியாது. நாங்கள் மதியம் நேராக வேடந்தாங்கல் வந்துவிடுகிறோம்.

மாலதி சித்தி: அதுவே நல்லது ராஜி. சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம், பழுப்போ பச்சையோ போட்டு வா. வனத்துறையில் தண்ணீர் நிலவரம் கேட்டுவிட்டு வியாழனன்று சொல்கிறேன். அதற்குப் பிறகு வண்டி பேசு, கார்த்தி.