‘எந்த மருத்துவமனையிலும்’ என்னும் காப்பீட்டுத் திட்டத்துக்குக் கலைச்சொல் வேண்டும்

கயல்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மருத்துவக் காப்பீட்டுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் இரு வகைத் திட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் வகையில், நிறுவனத்தின் நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே, நோயாளி கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குச் செலுத்தும் கேஷ்லெஸ் வசதி உண்டு. இரண்டாம் வகையில் எந்த மருத்துவமனையிலும் உண்டு. இவற்றை ‘பிணைய மருத்துவமனைத் திட்டம்’ என்றும் ‘எங்கும் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம்’ என்றும் எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்ப்பவர் இரண்டையும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு என்ன எழுதலாம்?

தணிகாசலம் எழுதியது:

வட்டமிட்டவர் சரியாகவே செய்திருக்கிறார். மகளிருக்குப் பேருந்தில் ‘கட்டணமில்லாப் பயணம்’ என்று சொல்லிப் பழகிய ஊரில், ‘கட்டணமில்லாச் சிகிச்சை’ என்றால் இலவசம் என்றுதான் படிப்பவர் கொள்வார். ‘பிணைய’ என்பதோ கணினித் துறையில் பொருந்தும். மருத்துவமனைக்கு முன்னால் வரும்போது பிணையில் வந்தவர் நினைவுதான் எழுகிறது. நெட்வொர்க்குக்கு வெளியே போனால் முதல் வகைத் திட்டம் ஒரு ரூபாயும் தராது என்பதால், ‘வரம்புறு திட்டம்’, ‘வரம்பிலாத் திட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இராசேந்திரன் எழுதியது:

காப்பீட்டு நிறுவனமொன்றின் கோரிக்கைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால் இதில் தலையிடுகிறேன். தணிகாசலம் ஐயா கூறுவது சில மலிவான திட்டங்களுக்கு ஓரளவு பொருந்தும். நெட்வொர்க்குக்கு வெளியே சென்றால் கட்டணத்தில் ஒரு பங்கைப் பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், குறைந்த பிரீமியத்தில் விற்கப்படும் திட்டங்கள் உள்ளன. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் வெளி மருத்துவமனைக்கும் பணம் கிடைக்கும். நோயாளி முதலில் கட்டிவிட்டு, ரசீதுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அனுப்பிப் பின்னர் திரும்பப் பெற வேண்டும். எனவே இங்கே மாறுபடுவது பாதுகாப்பின் எல்லையன்று, பணம் செல்லும் வழி.

‘எந்த மருத்துவமனையிலும்’ என்பதையும் அப்படியே ஏற்க இயலாது. காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் இந்த ஏற்பாட்டை அறிவித்தபோதே நிபந்தனைகளையும் சேர்த்தே கூறியது. திட்டமிட்ட சிகிச்சை என்றால், சேர்வதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரச் சேர்க்கை என்றால், சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைக்குக் குறைந்தது 15 படுக்கைகளும் மாநில அரசின் பதிவும் இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கை பாலிசி விதிகளின்படி ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். இவற்றுக்கு மேல், நிறுவனங்கள் விலக்கிவைத்த மருத்துவமனைகளின் பட்டியல் ஒன்று உண்டு. உயிராபத்திலோ விபத்திலோ நிலைமை சீராகும் வரை ஆகும் செலவைத் தவிர, அங்கே பின்னர் திரும்பப் பெறும் வழியும் இல்லை.

பாத்திமா எழுதியது:

சொல் விவாதத்துக்கு நடுவே என் அனுபவத்தை எழுதுவதற்குப் பொறுத்தருள்க. என் தாயாரின் பாலிசியில் ‘எங்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பித்தப்பை அறுவைக்கு மூன்று நாள் முன்னரே தகவல் தந்தோம். காப்பீட்டு நிறுவனம் சம்மதித்தும், எங்கள் ஊர் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், ‘நாங்கள் அந்தக் கம்பெனியோடு வேலை செய்வதில்லை, படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டோம்’ என்று முடித்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினோம். பிறகுதான் பணம் வந்தது. யார் மீது புகார் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொல்வீர்களா?

இராசேந்திரன் எழுதியது:

அம்மா, மன்றத்தின் அந்த அறிவிப்பு காப்பீட்டு நிறுவனங்களின் ஏற்பாடு. மருத்துவமனைகளை அது கட்டுப்படுத்தாது. நிறுவனம் சம்மதித்த பின்னர் மருத்துவமனை மறுத்திருப்பதால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும் காப்பீட்டுக் குறைகேள் அலுவலரிடமும் முறையிடுவதற்கு இடம் குறைவு. பணம் திரும்பி வருவதில் பிடித்தமோ தாமதமோ இருந்திருந்தால் அதற்கு முறையிடலாம்.

உங்கள் தாயாருக்கு நடந்த அதே அறுவையைக் கொண்டே வேறுபாட்டைக் காட்டுகிறேன். கணக்குக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் மருத்துவமனையுடன் அந்த அறுவைக்கு 70,000 ரூபாய் என்று நிறுவனம் முன்பே ஒப்பந்தம் செய்திருக்கிறது. பில் அந்தத் தொகைக்கே போடப்படும். கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, பாலிசி ஏற்காத உருப்படிகளுக்கு 4,000 ரூபாய் என்றால் அதை மட்டும் நோயாளி கட்டிவிட்டு வீடு திரும்புவார். ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையோ தன் வழக்கப்படி 95,000 ரூபாய் போடுகிறது. நிறுவனம் அந்த ஊரில் அந்த அறுவைக்கு நியாயமான தொகை 70,000 என்று கருதி அதற்கு மட்டுமே ஒப்புதல் தருகிறது. அந்த 4,000 பில்லுக்குள் அடங்கியிருந்தாலும் 25,000 ரூபாய் நோயாளியின் தலையில் விழும். இரண்டுக்கும் பெயர் கேஷ்லெஸ்தான். முன்னதில் விலை கட்டுப்பட்டது, பின்னதில் இல்லை.

நேரத்திலும் இந்த வேறுபாடு தெரியும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதலும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கூறியுள்ளது. ஆனால் அந்தக் கடிகாரம் கோரிக்கை வந்து சேர்ந்த பிறகே ஓடும். நெட்வொர்க் மருத்துவமனையில் காப்பீட்டு மேசையும் இணையவாசலும் தயாராக இருக்கும். புதிய மருத்துவமனையிலிருந்து மருத்துவர் கையெழுத்தில்லாத படிவம், பதிவுச் சான்று இல்லாத மின்னஞ்சல் என்று அரைகுறையாக வருவதையும், அதற்குக் கேள்வி எழுப்பி விடை பெறுவதற்குள் மாலை ஆகிவிடுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கயல்விழி எழுதியது:

இராசேந்திரன் ஐயாவின் விளக்கத்துக்குப் பின் என் இரு சொற்களையும் நீக்கிவிட்டேன். நெட்வொர்க் மருத்துவமனையை ‘ஒப்பந்த மருத்துவமனை’ என்கிறேன். அங்கே நோயாளிக்கு உண்மையில் பயன்படுவது அந்த விலை ஒப்பந்தமே. கேஷ்லெஸ் என்பதற்கு ‘நேர்செலுத்தம்’ என்று ஆக்கியிருக்கிறேன். நிறுவனம் மருத்துவமனைக்கு நேராகச் செலுத்துகிறது. ஆகவே முதல் வகை ‘ஒப்பந்த மருத்துவமனை நேர்செலுத்தம்’, இரண்டாம் வகை ‘ஒப்பந்தம் சாரா நேர்செலுத்தம்’. ‘எங்கும்’, ‘எந்த’ ஆகியவற்றைத் தலைப்பில் வைக்கவில்லை.

தணிகாசலம் எழுதியது:

‘ஒப்பந்த மருத்துவமனை’யை ஏற்கிறேன், என் ‘வரம்பிலா’வைத் திரும்பப் பெறுகிறேன். ‘நேர்செலுத்தம்’ மட்டும் இடறுகிறது. நாளிதழ்கள் ‘ரொக்கமில்லா’ என்று எழுதிப் பழக்கிவிட்டன. அட்டையில் கட்டினாலும் கையிலிருந்துதானே போகிறது என்று அதைக் குறை கூறலாம். ஆயினும் மருத்துவமனைக் கவுண்டரில் நிற்பவருக்குப் புரிவது அதுவே.

பாத்திமா எழுதியது:

கவுண்டரில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே ‘கேஷ்லெஸ் இருக்கா’ என்று மட்டுமே கேட்கிறார்கள். ‘நேர்செலுத்தம்’ என்று முன்கூட்டியே படித்திருந்தால், செலுத்துபவர் சம்மதித்தால் போதாது, வாங்கிக்கொள்பவரும் சம்மதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். இன்னொரு கேள்வி: எங்கள் தெருவில் ஆறு படுக்கைகள் கொண்ட கண் மருத்துவமனை இருக்கிறது. கண்புரை அறுவைக்குக் காலையில் சேர்ந்து மாலையில் வந்துவிடலாம். ‘ஒப்பந்தம் சாரா’ என்பதில் அது அடங்குமா?

இராசேந்திரன் எழுதியது:

மன்றத்தின் 15 படுக்கை நிபந்தனைப்படி அடங்காது. அந்த மருத்துவமனைக்கு உங்கள் நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தால் கேஷ்லெஸ் கிடைக்கும். இல்லையெனில், பகல்நேரச் சிகிச்சை மையத்துக்கான பாலிசி நிபந்தனைகளை அது நிறைவு செய்தால், கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். ஆகவே, கயல்விழி, உங்கள் இரண்டாம் வகையின் விளக்கத்தில் ‘தகுதியுள்ள’ என்ற அடைமொழியை மருத்துவமனைக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். ‘ரொக்கமில்லா’வா, ‘நேர்செலுத்த’மா என்பதை மற்றவர்களும் சொல்லட்டும்.