புதுப்பிப்பு: பொட்டிக் ஓனரோட தீபாவளி கலெக்‌ஷன் மெயில்

போன பதிவுல கேட்டது: "12 சுங்குடி டிசைன், மொத்தமா ஒரே பேமெண்ட்னு மெயில் வந்திருக்கு, ஒத்துக்கலாமா?"

ஃபீஸை பிரிச்சு கேளுன்னு சொன்ன அக்காவுக்கு ரொம்ப நன்றி, டிசைனுக்கு தனி, சாம்பிள் செலவு தனி, பாதி அட்வான்ஸ்னு பதில் போட்டேன், ஓகே சொல்லிட்டாங்க. ஜிஎஸ்டி நம்பர் இல்லாம பில்லே போடக்கூடாதுன்னு ஒரு அண்ணா சொன்னாரு, ஆனா வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ளன்னா வரி சேர்க்காம சாதா பில் போதும்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு. தையல் கூலி கேட்ட தங்கச்சி, நான் தைக்கலம்மா, டிசைன் மட்டும்தான்.

தேதிதான் பெரிய விஷயம். சுங்குடி முடிச்சு போட்டு சாயம் ஏத்தி வெயில்ல காயணும், மழை பிடிச்சா எல்லாம் தள்ளிப்போகும், அதனால சாம்பிளுக்கு அவங்க ஓகே சொன்ன நாள்லேருந்துதான் டெலிவரி கணக்குன்னு எழுதி வாங்கிட்டேன். அதே டிசைனை பொங்கலுக்கும் ஓட்டினா தனி ஃபீஸ்னு கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல, அது வராம கையெழுத்து போடமாட்டேன்.