மூக்கை ஏமாற்றிய சோறு: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

அம்பை மருமகள்:
ஆடி அமாவாசை அன்று நடந்தது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போன உறவினர்கள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாகப் பேச்சு. ஒன்றரைக் கிலோ அரிசி வடித்தேன். அவர்கள் காரையாறிலேயே சாப்பிட்டுவிட்டார்கள். பன்னிரண்டேகால் மணிக்கு வடித்த சோறு குண்டானில் மூடியபடி கிடந்தது. இரவு ஒன்பது மணிக்கு எலுமிச்சைச் சோறு கிளறினேன். தாளிப்பதற்கு முன் நான் மூன்று முறை மோந்து பார்த்தேன், அத்தையும் மோந்து பார்த்தார்கள். ஊசின வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை, நூல் விடவில்லை. பதினொன்றரைக்குப் பையன் வாந்தி எடுத்தான், அடுத்து என் கணவர். காய்ச்சல் இல்லை. விடிவதற்குள் இருவருக்கும் சரியாகிவிட்டது. மோர்ச்சோறு சாப்பிடுவதாகச் சொல்லி எலுமிச்சைச் சோற்றைத் தொடாத அத்தைக்கு ஒன்றுமில்லை. மூடியை மூக்கருகே பிடித்துக்கொண்டு “நல்லாத்தானே இருக்கிறது” என்று நான் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

பேட்டைக்காரன்:
சூடு போதவில்லை. ஆறிய சோற்றைக் கிளறினால் மேலாகத்தான் சூடாகும். ஆவி பறக்கப் பத்து நிமிடம் வதக்கியிருந்தால் எந்தக் கிருமியும் செத்திருக்கும். எங்கள் வீட்டில் மதியச் சோறு இரவில் தினமும் இப்படித்தான், இருபது வருடமாக ஒரு குறையும் இல்லை.

கடையம் ஓய்வு ஆசிரியை:
நான் பாலைப் பற்றிச் சொல்கிறேன். காய்ச்சிக் குளிர்ப்பெட்டியில் வைத்த பாக்கெட் பால், நான்காம் நாள். புளித்த வாடை இல்லை, கொதிக்க வைத்தேன், திரியவும் இல்லை. காப்பியில் ஊற்றினால் வாய்க்குள் ஒரே கசப்பு. டிகாக்ஷன் மேல் பழிபோட்டு அதைக் கொட்டினேன். பிறகு பாலை மட்டும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தபோதுதான் தெரிந்தது. மாவு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: புளித்த மணம் மாவுக்கு இயல்பு, அதை வைத்துக் கெட்டதா என்று தீர்மானிக்காதீர்கள். மேலே இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ புள்ளி தெரிந்தால் வழித்துவிட்டு மிச்சத்தைச் சுடாமல் முழுவதையும் கொட்டுங்கள். பாத்திரத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஈரக் கரண்டியை மாவில் போடவே கூடாது. என் மருமகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறாள்.

பந்தி சமையல்:
கல்யாண வீடுகளில் சமைப்பவன். பேட்டைக்காரர் சொல்வது பாதி சரி. சூட்டில் கிருமி சாகும். ஆனால் அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து உலை கொதித்தாலும் சாகாது. சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வரும்போது அது முளைத்துப் பெருகும். வாந்தி வரவைக்கும் நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவிடும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு வதக்கினாலும் போகாது. ஒன்பது மணிக்குப் பிழிந்த எலுமிச்சையும் அதை மாற்றாது. சோற்றைப் புளிக்க வைப்பது வேறு கிருமி, வாடை தருவது அதுதான். அது முந்திக்கொண்டால் மூக்கு சொல்லிவிடும், இது முந்திக்கொண்டால் சொல்லாது. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று சோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட்ட இரண்டரை மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, காலையில் சரி என்பதெல்லாம் அதற்குப் பொருந்துகிறது.

நாங்கள் மிஞ்சிய சோற்றை மோந்து பார்ப்பதில்லை, வடித்த நேரத்தைப் பார்ப்போம். அண்டாவில் குவிந்து கிடக்கும் சோறு மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்கில் ஆறாது. அகன்ற தாம்பாளங்களில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்ப்பெட்டிக்குப் போய்விடும். வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிய வேண்டும்.

பேட்டைக்காரன்:
அப்படியானால் பழைய சோறு? எங்கள் ஆச்சி தொண்ணூறு வயது வரை நீராகாரம் குடித்தவள். பழைய சோற்றை நஞ்சு என்பீர்களா?

பந்தி சமையல்:
நான் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் ஆச்சி எப்போது தண்ணீர் ஊற்றினாள்? சோற்றில் ஆவி அடங்கியவுடன் ஊற்றினால் சூடு சட்டென்று இறங்கும், புளிப்பும் ஏற ஆரம்பிக்கும். அந்தப் புளிப்பில் இந்தக் கிருமி வளரத் திணறும். மதியச் சோற்றைப் பகல் முழுக்க மூடி வைத்துவிட்டு, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுவது அதே கணக்கு இல்லை.

பேட்டைக்காரன்:
அவள் எப்போது ஊற்றினாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்க வேண்டும்.

அம்பை மருமகள்:
நடுச்சோறு ஆறாது என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. மாலை நான்கு மணிக்குக் குண்டானில் கரண்டியை விட்டுப் பார்த்தேன். நடுவில் இளஞ்சூடாக இருந்தது. “இன்னும் ஆறவே இல்லை அத்தை, இது எங்கே கெடப் போகிறது” என்று சொல்லி மறுபடியும் மூடியைப் போட்டதும் நான்தான்.