aabaaa தேடலில் k-வைப் பூஜ்யத்துக்குத் தள்ளினால் என்ன ஆகும்: உங்கள் அனுபவம்?

மலர்விழி: டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், டெக்ஸ்டில் ஒரு பேட்டர்னைத் தேடும் கேஎம்பி முறையை எழுதியிருந்தார். இதுவரை எத்தனை எழுத்து பொருந்தியது என்பதுதான் அதில் k. அட்டவணை சரியாக இருந்தது, ஆனால் எழுத்து பொருந்தாதபோதெல்லாம் `k = 0` என்று போட்டிருந்தார். அவருடைய டெஸ்ட் எல்லாம் பாஸ். நான் `aabaabaaa`-வில் `aabaaa`-வைத் தேடச் சொன்னேன், இல்லை என்றது. கடைசி ஆறு எழுத்தும் அதேதானே!

அட்டவணை t இங்கே 0 1 0 1 2 2: அந்தந்த எழுத்து வரை பொருந்தியதில், கடைசி எத்தனை எழுத்து பேட்டர்னின் தொடக்கமாகவும் இருக்கிறது என்று சொல்லும். முதல் ஐந்து எழுத்து பொருந்திவிடும், k = 5. ஆறாவதாக `b` வருகிறது, நமக்கு வேண்டியது `a`. பொருந்திய `aabaa`-வின் கடைசி `aa`தான் பேட்டர்னின் தொடக்கமும். அதனால் அட்டவணை 2 என்கிறது. k = 2-இல் எதிர்பார்ப்பது `b`, அதே `b` பொருந்துகிறது. அப்புறம் `aaa` வந்து முடித்துவிடும். பூஜ்யத்துக்குப் போனால் அந்த `aa` கையை விட்டுப் போகிறது. p பேட்டர்ன், c டெக்ஸ்டில் வரும் எழுத்து என்றால், சரியான வடிவம் இது:

```
while k > 0 and p[k] != c:
    k = t[k-1]
if p[k] == c:
    k += 1
```

சரவணன்: ஆமாம், டெக்ஸ்டில் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே ஒரு முறைதான் ஒப்பிடும், அதுதான் வேகத்துக்குக் காரணம்.

பழைய வாத்தியார்: பாதி சரி தம்பி. பின்னால் போகாது, அது உண்மை. ஆனால் மலர்விழி சொன்ன அந்த `b`-யையே பாருங்கள், முதலில் `a`-வோடு, பிறகு `b`-யோடு என்று இரண்டு ஒப்பீடு. k ஒரு எழுத்துக்கு ஒன்றுக்கு மேல் ஏறாது, ஏறிய அளவுக்குத்தான் இறங்கவும் முடியும். அதனால் மொத்த ஒப்பீடு டெக்ஸ்ட் நீளத்தின் இரண்டு மடங்கைத் தாண்டாது. 1977-இல் க்னூத், மாரிஸ், பிராட் மூவரும் வெளியிட்ட கட்டுரையின் சாரமும் இதுதான்.

இன்னொன்று: முழுதாகப் பொருந்திய பிறகும் k-வைப் பூஜ்யமாக்கக் கூடாது. `aaaa`-வில் `aaa` இரண்டு இடத்தில் இருக்கிறது. பூஜ்யமாக்கினால் ஒன்றுதான் கிடைக்கும்.

ஜெனிஃபர்: நான் தமிழில் `க` தேடினால் `கா`, `கி` எல்லாம் வருகிறது. அட்டவணை தப்பா?

மலர்விழி: அட்டவணை இல்லைங்க, யூனிகோடில் `கா` என்பது `க`-வும் துணைக்காலும். எந்த முறையில் தேடினாலும் அப்படித்தான் வரும். எழுத்து எழுத்தாகப் பிரித்துவிட்டுத் தேடுங்கள்.

சரவணன்: சரி, ஆனால் சாதாரண ஆங்கில டெக்ஸ்டில் முதல் எழுத்திலேயே பெரும்பாலும் பொருந்தாமல் போய்விடுகிறதே. அங்கே நேரடித் தேடலே போதாதா?

கணேஷ்: அங்கே போதும்தான். எனக்கு சீரியல் போர்ட்டிலிருந்து ஒவ்வொரு பைட்டாக வருகிறது, போன பைட்டைத் திரும்பக் கேட்க முடியாது. k என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். நான் இதை விட மாட்டேன்.

சரவணன்: அந்தச் சின்ன பேட்டர்னுக்கு ஆறு பைட் பஃபர் வைத்தாலே போதுமே?

கணேஷ்: வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் அந்த ஆறையும் மறுபடி ஒப்பிட வேண்டுமே!